மலைக்கு நடுவே ஒரு கோடு

(கள்ளக்குறிச்சியில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கல்வராயன் மலைக்குப் போய்வந்த நாட்களில் கேட்ட ஒரு பேச்சிலிருந்து தொடங்குகிறேன். கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினால் வெள்ளிமலை வரும். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய தங்கையைக் கருமந்துறைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இதே மலைதான். ஆனால் அது சேலம் மாவட்டம். அந்த அம்மா சொன்னார்: “நாங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க கண்ணு. அவளுக்கு எம்.எல்.ஏ. எங்க சனத்து ஆளு. எனக்குக் கீழ்நாட்டு ஆளு. ஒரே மலைக்கு ரெண்டு கணக்கா?”

ரெண்டு கணக்குதான். கருமந்துறை இருப்பது ஏற்காடு தொகுதியில். அது பழங்குடியினருக்கான தனித்தொகுதி. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை இருப்பது சங்கராபுரம் தொகுதியில். அது பொதுத்தொகுதி. அக்காவும் தங்கையும் ஒரே மலையாளிப் பழங்குடி. மலைக்கு நடுவே யாரோ ஒரு காலத்தில் போட்ட கோடு ஒருவர் வாக்கை ஒரு விதமாகவும் இன்னொருவர் வாக்கை வேறு விதமாகவும் ஆக்கிவிட்டது. இன்று நான் பேசப்போவது அந்தக் கோட்டைப் பற்றி.

தேர்தல் முடிவு என்றால் யாருக்கு எவ்வளவு வாக்கு என்றுதான் நாம் யோசிக்கிறோம். வாக்குகள் இடங்களாக மாறுவதற்கு நடுவில் இரண்டு விஷயங்கள் வேலை செய்கின்றன. ஒன்று, தொகுதியின் எல்லை எங்கே ஓடுகிறது என்பது. இன்னொன்று, தொகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. இரண்டையும் ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். கையில் பேனா இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கற்பனை வட்டாரம். மொத்தம் 15 சிற்றூர்கள். ஒவ்வொன்றிலும் 100 வாக்காளர்கள். 6 ஊர் மலையில், 9 ஊர் கீழே சமவெளியில். மலை ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரு வேட்பாளருக்கும், கீழ் ஊர்க்காரர்கள் எல்லாரும் இன்னொருவருக்கும் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மலையின் பங்கு 15-ல் 6, அதாவது 40 சதவீதம். இந்த வட்டாரத்துக்கு 3 தொகுதிகள், தொகுதிக்கு 5 ஊர். எல்லாத் தொகுதியும் சம அளவு. 3 ஊர் கிடைத்தால் ஒரு தொகுதியில் வெற்றி.

முதல் ஆள் கோடு போடுகிறார். ஒவ்வொரு தொகுதியிலும் 2 மலை ஊர், 3 கீழ் ஊர் வருமாறு பிரிக்கிறார். மூன்று தொகுதியிலும் மலை தோற்கிறது. 40 சதவீத மக்களுக்கு ஒரு இடம்கூட இல்லை. இதற்குச் சிதறடிப்பது என்று பெயர் வைப்போம்.

இரண்டாவது ஆள் வருகிறார். ஒரு தொகுதியில் 5 மலை ஊர்களையும் அடைக்கிறார். மிச்சம் இருக்கும் ஒரு மலை ஊரை இரண்டாவது தொகுதியில் தள்ளுகிறார். மலைக்கு ஒரு இடம். “உங்களுக்கென்று ஒரு தொகுதி கொடுத்துவிட்டோமே” என்று சொல்லலாம். ஆனால் 3 ஊர் போதும் என்ற இடத்தில் 5 ஊரை அடைத்ததால் இரண்டு ஊரின் வாக்கு வீண். இதைக் குவித்து அடைப்பது என்று சொல்லலாம்.

மூன்றாவது ஆள் 3 மலை ஊர் ஒரு தொகுதியிலும் 3 மலை ஊர் இன்னொரு தொகுதியிலும் வருமாறு பிரிக்கிறார். மூன்றாவது தொகுதி முழுக்கக் கீழ் ஊர். இப்போது 40 சதவீதம் உள்ள மலைக்கு 2 இடம். 60 சதவீதம் உள்ள சமவெளிக்கு 1 இடம்.

ஒரு வாக்காளர்கூட மனம் மாறவில்லை. ஒரு கள்ள ஓட்டும் இல்லை. முடிவு மட்டும் 0, 1, 2 என்று மாறிக்கொண்டே போகிறது. மூன்று வரைபடத்திலும் தொகுதிகள் சம அளவு என்பதையும் கவனியுங்கள். அளவு சமமாக இருந்தால் போதும், அநீதி நடக்காது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இந்த வேலைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ஜெரிமாண்டரிங். 1812-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாண ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி, தன் கட்சிக்குச் சாதகமாக வரையப்பட்ட தொகுதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தார். அதில் ஒரு தொகுதி, பல்லி மாதிரியான சாலமாண்டர் என்ற உயிரினம் போல வளைந்து கிடந்தது. ஜெரியையும் சாலமாண்டரையும் சேர்த்துப் பத்திரிகைக்காரர்கள் வைத்த கேலிப் பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது இரண்டாவது விஷயம், தொகுதியின் அளவு. அதே 15 ஊர், அதே 3 தொகுதி. ஆனால் இந்த முறை யாரும் கோட்டை வளைக்கவே இல்லை. 9 கீழ் ஊர்களும் ஒரே தொகுதி. 6 மலை ஊர்கள் மூன்று மூன்றாக இரண்டு தொகுதி. பார்ப்பதற்கு மிக இயல்பான எல்லை. முடிவு என்ன? மலைக்கு 2, சமவெளிக்கு 1. 900 பேருக்கு ஒரு பிரதிநிதி, அந்தப் பக்கம் 300 பேருக்கு ஒரு பிரதிநிதி. ஒருவர் வாக்கு இன்னொருவர் வாக்கைப் போல மூன்று மடங்கு கனம்.

இதில் இன்னும் ஒன்று இருக்கிறது. சம அளவுத் தொகுதிகளில் 2 இடம் பிடிக்கக் குறைந்தது 6 ஊர் வேண்டும். 9, 3, 3 என்ற பிரிவினையில் சின்னத் தொகுதி ஒவ்வொன்றிலும் 2 ஊர் பிடித்தால் போதும். 15-ல் 4 ஊர், அதாவது சுமார் 27 சதவீதம் வாக்கு இருந்தால் பெரும்பான்மை இடங்கள் வந்துவிடும்.

ஒன்பதுக்கு மூன்று என்பது நான் கற்பனையாக எடுத்த விகிதம். ஆனால் கற்பனையைத் தாண்டி நிஜம் போயிருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது சோழிங்கநல்லூர் தொகுதியில் கிட்டத்தட்ட 7 லட்சம் வாக்காளர்கள். அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இதை யாரும் சதி செய்து உருவாக்கவில்லை. இன்றைய தொகுதிகள் 2001 கணக்கெடுப்பை வைத்து, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வரைந்தவை. 2008-ல் நடைமுறைக்கு வந்தவை. வரையும்போது சராசரியிலிருந்து 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது ஆணையம் வைத்திருந்த வரம்பு. தமிழ்நாட்டின் 2001 மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். அதை 234-ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம். எனவே 2.40 லட்சத்துக்கும் 2.93 லட்சத்துக்கும் இடையில் எல்லாத் தொகுதியும் வர வேண்டும் என்பது கணக்கு. அதன்பிறகு ஓ.எம்.ஆர். சாலை வளர்ந்தது, எல்லைக்கோடு அப்படியே நின்றது. வரைபடத்தைத் தொடாமல் வைத்திருப்பதும் வரைபடத்தை மாற்றுவதுதான்.

வேண்டுமென்றே அளவை மாற்றுவதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 2022-ல் ஜம்மு காஷ்மீரின் 90 தொகுதிகள் வரையப்பட்டன. 2011 கணக்கெடுப்புப்படி காஷ்மீரில் சுமார் 68.9 லட்சம் பேர், ஜம்முவில் சுமார் 53.8 லட்சம் பேர். மக்கள்தொகைப்படி பிரித்தால் காஷ்மீருக்கு 50 அல்லது 51 இடம் வர வேண்டும். கொடுக்கப்பட்டது 47. ஜம்முவுக்கு 43. காஷ்மீரில் சராசரியாக 1.47 லட்சம் பேருக்கு ஒரு இடம், ஜம்முவில் 1.25 லட்சம் பேருக்கு ஒரு இடம். மலைப்பாங்கு, எல்லையோரம், போக்குவரத்துச் சிரமம் ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன.

சரி, நம் மலைக்கு வருவோம். அக்காவையும் தங்கையையும் பிரித்தது யார்?

நான் முதலில் ஏதோ ஒரு அரசியல்வாதியின் கை இருக்கும் என்றுதான் தேடத் தொடங்கினேன். கிடைத்தது வேறு. சட்டமன்றத் தொகுதி ஒரு மாவட்டத்துக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதைக் கடந்த ஆணையம் நெறியாக வைத்திருந்தது. கல்வராயன் மலையின் ஒரு பக்கம் அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், இன்னொரு பக்கம் சேலம் மாவட்டம். அதற்கும் முன்னால் தென்னாற்காடு, சேலம். வரி வசூலுக்காகவும் நிர்வாகத்துக்காகவும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த மாவட்ட எல்லை மலையின் மேலே ஓடுகிறது. அந்த எல்லையை அப்படியே எடுத்துத் தொகுதி எல்லையாக்கினார்கள். நம் சின்னக் கணக்கில் முதல் ஆள் செய்த சிதறடிப்பை இங்கே செய்வதற்கு ஆள் தேவைப்படவில்லை. பழைய கோடே போதுமானதாக இருந்தது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கல்வராயன் மலைக்குத் தனி வட்டமும் வந்தது. 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலைக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் தொகுதிக் கோடு நகரவில்லை. புது மாவட்டமும் பழைய சேலம் எல்லையில்தான் முடிகிறது.

இனி இடங்களின் எண்ணிக்கை. பழங்குடியினருக்கு எத்தனை தனித்தொகுதி என்பது மாநில மக்கள்தொகையில் அவர்களின் பங்கைப் பொறுத்தது. 2001-ல் தமிழ்நாட்டில் பழங்குடியினர் 6.51 லட்சம், அதாவது 1.04 சதவீதம். 234-ல் 1.04 சதவீதம் என்றால் 2.44. எனவே 2 இடம். ஏற்காடு, சேந்தமங்கலம். அதற்கு முன் மூன்று இருந்தன. மூன்றாவதாக இருந்த உப்பிலியாபுரம் 2008-ல் வரைபடத்திலிருந்தே போய்விட்டது. 2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் 7.95 லட்சம், 1.10 சதவீதம். அதே கணக்கைப் போட்டால் 2.58. அருகிலுள்ள முழு எண் 3. பட்டியல் சாதியினருக்கு 2001 கணக்குப்படி 44 இடம். 2011-ல் அவர்கள் 20 சதவீதம். கணக்குப்படி 47 வர வேண்டும். பழைய எண்ணிக்கையில் ஓடும் ஒவ்வொரு தேர்தலிலும் இந்த 1 இடமும் 3 இடமும் நமக்குக் கிடைக்காமல் போகின்றன.

நாடாளுமன்றத்துக்கு வந்தால் இன்னொரு காட்சி. கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு. கடைசி நான்கும் தனித்தொகுதிகள். மூன்று பட்டியல் சாதியினருக்கு, ஒன்று பழங்குடியினருக்கு. சங்கராபுரமும் ஏற்காடும் இரண்டும் இதற்குள் வருவதால் அக்காவும் தங்கையும் மக்களவைக்கு ஒரே தொகுதியில்தான் வாக்களிக்கிறார்கள். ஆனால் ஆறில் நான்கு தனித்தொகுதிகளாக உள்ள இந்த மக்களவைத் தொகுதி பொதுத்தொகுதி. பழங்குடியினருக்குத் தமிழ்நாட்டில் மக்களவைத் தனித்தொகுதியே கிடையாது. 39-ல் 1.04 சதவீதம் என்பது 0.41. அது பூஜ்யமாகிவிடுகிறது. மலை பிரிந்திருக்கும்போது சிதறுகிறது, சேர்ந்திருக்கும்போது கரைந்துபோகிறது.

இங்கே நான் நேர்மையாக இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது கேட்கும்போது நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் தடை, மலை மக்கள் ஒரே கட்சிக்கு வாக்களிப்பவர்கள் அல்ல. என் கணக்கில் ஊர் முழுக்க ஒரே பக்கம் என்று வைத்தேன். அது கணக்கு புரிவதற்காக. நிஜத்தில் ஒரே வீட்டில் மூன்று கட்சி. அதனால் மலையை ஒன்றாக்கினால் இன்ன கட்சி ஜெயிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தது ஒன்றுதான்: வாக்குக் கேட்டு வருகிறவர் மலைச் சாலையையும் வன உரிமைப் பட்டாவையும் பற்றிப் பேசாமல் ஜெயிக்க முடியுமா முடியாதா என்பது மாறும். சங்கராபுரத்தில் கீழ்நாட்டு வாக்கை மட்டும் வைத்தே கணக்கை முடித்துவிடலாம்.

இரண்டாவது தடை, தனித்தொகுதி ஆனாலும் வாக்களிப்பவர்கள் எல்லாரும்தான். ஏற்காடு தொகுதி சேர்வராயன் மலையில் தொடங்கி, வாழப்பாடிச் சமவெளியைக் கடந்து, கல்வராயனின் சேலம் பக்கம் வரை கிடக்கிறது. வேட்பாளர் பழங்குடியாக இருக்க வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பதில் சமவெளி வாக்குக்கும் பங்கு இருக்கிறது. 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து நாம் சுமந்துகொண்டிருக்கும் சிக்கல் இது. அண்ணல் அம்பேத்கர் 1919-லேயே சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது இந்த இடத்தைத்தான் தொட்டார். நிலத்தை மட்டும் வைத்துத் தொகுதி பிரித்தால், சிதறிக் கிடக்கும் சிறுபான்மைக்குப் பிரதிநிதித்துவம் வராது என்பதே அவர் வாதத்தின் சாரம். சேரி எப்போதும் ஏதோ ஒரு ஊரின் ஓரத்தில்தான் இருக்கிறது. நாடு முழுக்கச் சேரிகள் இருந்தும், வரைபடத்தில் எங்கேயும் அவை அடுத்தடுத்து இல்லை. சாதி நம்மை முன்பே சிதறடித்து வைத்திருக்கிறது. தொகுதிக் கோடு அதன் மேல்தான் வரையப்படுகிறது.

எந்தத் தொகுதியைத் தனித்தொகுதி ஆக்குவது என்பதும் ஒரு கோடுதான். 2006-ல் சச்சார் குழு இதைக் கவனித்தது. உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் முஸ்லிம்கள் அதிகமுள்ள தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பட்டியல் சாதியினர் அதைவிட அதிக விகிதத்தில் வாழும் வேறு தொகுதிகள் பொதுத்தொகுதிகளாக விடப்பட்டிருக்கின்றன. ஒரே கோட்டில் இரண்டு மக்களும் இழக்கிறார்கள். பழியை மட்டும் ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த வரைபடம் எப்போது? 1976-ல் 42-ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை உறைய வைத்தது. 84-ஆவது திருத்தம் அந்த உறைநிலையை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வரும்வரை நீட்டியது. தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் குறையும் என்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளே கோடு எங்கே போகும் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

கடந்த முறை நடந்ததை வைத்துச் சொல்கிறேன். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையத்துடன் ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் துணை உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை, ஆனால் பேச்சு உண்டு. ஏற்கெனவே ஜெயித்தவர்கள் தங்கள் தொகுதியின் எல்லையைப் பற்றிப் பேசும் இடம் அது. அதன்பிறகு வரைவு அரசிதழில் வெளியாகும். ஆட்சேபம் தெரிவிக்க ஒரு நாள் குறிக்கப்படும். பொது விசாரணை நடக்கும். இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றம் போய் மாற்றுவது மிகக் கடினம். எனவே நமக்கு இருக்கும் கதவு அந்த வரைவுக்கும் விசாரணைக்கும் இடைப்பட்ட சில வாரங்கள்தான்.

அந்தச் சில வாரங்களில் ஆவேசமாகப் பேசினால் போதாது. வரைவில் ஒவ்வொரு தொகுதிக்கும் கீழே வருவாய்க் கிராமங்களின் பட்டியல் இருக்கும். அதைக் கணக்கெடுப்போடு வைத்து மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். தொகுதியின் மக்கள்தொகை 10 சதவீத வரம்புக்குள் இருக்கிறதா? பழங்குடியினரும் தலித் மக்களும் அதிகம் வாழும் கிராமங்கள் எங்கே உடைக்கப்பட்டிருக்கின்றன? எல்லை எதைப் பின்பற்றுகிறது: ஆற்றையா, சாலையையா, பழைய மாவட்டக் கோட்டையா? தொகுதி நிலப்பரப்பில் ஒட்டியிருக்க வேண்டும், இயற்கை அமைப்பையும் போக்குவரத்தையும் மக்கள் வசதியையும் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாவட்ட எல்லையையும் அதே வரியில் சொல்கிறது. ஒரு மலையை இரண்டாக உடைக்கும்போது எதற்கு எதைப் பலிகொடுத்தார்கள் என்று நாம் கேட்கலாம்.

கேட்பதோடு மாற்று வரைபடமும் கொடுக்க வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைக் கிராமங்களை ஏற்காட்டோடு சேர்க்கச் சொன்னால் ஏற்காடு வரம்பைத் தாண்டும், சங்கராபுரம் குறையும். அப்படியானால் வாழப்பாடிப் பக்கம் எந்தக் கிராமங்களை வெளியே எடுப்பது, சங்கராபுரத்துக்கு எவற்றைக் கொடுப்பது என்று நாமே கிராமம் கிராமமாகக் கூட்டிக் காட்ட வேண்டும். ஒரு கோட்டை நகர்த்தினால் பக்கத்துக் கோடுகள் எல்லாம் நகரும். அந்தக் கூட்டல் கழித்தல் இல்லாத மனு கோரிக்கையாகவே நின்றுவிடும்.

அந்த வேலையை இந்த அறையில் இருப்பவர்கள் செய்ய முடியும். கிராமப் பட்டியல், கணக்கெடுப்பு அட்டவணை, ஒரு வரைபடம், கொஞ்சம் பொறுமை போதும். நான் கல்வராயனின் கிராமப் பட்டியலைத் தொடங்கியிருக்கிறேன். சமவெளிப் பக்கத்துக்கு ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

வெள்ளிமலைப் பக்கத்து அம்மாவிடம் அன்றைக்கு இந்தக் கணக்கையெல்லாம் தரையில் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக் காட்டினேன். 6 கொட்டையை இரண்டிரண்டாகப் பிரித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கொட்டைகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டி என் பக்கம் தள்ளிவிட்டு, “இதெ யாரு கிட்ட போய்ச் சொல்றது?” என்று கேட்டார். யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதற்கான பதிலோடு அடுத்த முறை நாம் சேர்ந்தே மலையேறுவோம்.